தந்தம், டென்டல், டூத்: கிரிம் விதியைச் சொற்களில் போட்டுப் பார்ப்பது எப்படி?

காலையில் எழுந்ததும் டூத்பிரஷைத் தேடுகிறோம். பல் வலித்தால் டென்டல் கிளினிக்குக்குப் போகிறோம். யானையைப் பார்த்தால் தந்தம் எவ்வளவு நீளம் என்று வியக்கிறோம். டூத், டென்டல், தந்தம் ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் மூன்று உருவங்கள். தந்தம் சமஸ்கிருதம் வழியாகவும், டென்டல் லத்தீன் வழியாகவும் நம்மிடம் வந்தன. டூத் மட்டும் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்.

தந்தமும் டென்டலும் உறவு என்றால் யாரும் உடனே நம்புவார்கள். டூத் எப்படி அவற்றோடு சேரும்? அதைக் காட்டித்தருவதுதான் கிரிம் விதி. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் முதலான ஜெர்மானிய மொழிகளுக்குத் தாயான மொழி, சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் முதலான மற்ற இந்தோ-ஐரோப்பிய மொழிகளைவிட்டு விலகிய காலத்தில், அதன் மெய்யொலிகள் வரிசையாக இடம் பெயர்ந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முஸ் ராஸ்க் 1818-இல் இந்த ஒப்புமைகளை எடுத்துக்காட்டினார். சகோதரரோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவரான யாக்கோப் கிரிம், 1822-இல் வெளிவந்த தம் ஜெர்மன் இலக்கண நூலின் இரண்டாம் பதிப்பில் இதை முழு விதியாக வகுத்தார்.

இந்தப் பதிவில் அந்த விதியைச் சொற்களின் மேல் போட்டுப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

## முதலில் கன்னடத்தில் ஒரு பயிற்சி

இந்தோ-ஐரோப்பியத்துக்குப் போகுமுன் நமக்குப் பக்கத்திலேயே ஒன்றைப் பார்த்துவிடலாம். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல் என்றால் ஹல்லு. பத்து என்றால் ஹத்து. புலி என்றால் ஹுலி. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் நம்மைப் போலவே பகரத்தில்தான் தொடங்கின, பிறகு ஹகரமாயின.

இங்கே கவனிக்க வேண்டியது பாலும் ஹாலுவும் காதுக்கு ஒத்திருக்கின்றன என்பதை அல்ல. ஒரு சொல்லில் நடந்த மாற்றம், அதே இடத்தில் அதே ஒலி உள்ள மற்ற சொற்களிலும் நடந்திருக்கிறது. இந்த ஒழுங்குதான் சாட்சி. இன்னொன்றையும் பாருங்கள். கன்னடத்தில் புஸ்தக என்ற சொல் ஹுஸ்தக ஆகவில்லை. அது சமஸ்கிருதத்திலிருந்து கடனாக வந்த சொல், மாற்றத்துக்கு உட்படவில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

## படி 1: சொல்லின் முழு அடியை எடுங்கள்

தொடங்குபவர்கள் அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் வடிவத்தை அப்படியே எழுதிக்கொள்வார்கள். அங்கேயே பிசகிவிடும்.

தமிழில் மரம் என்ற சொல்லை மட்டும் பார்த்தால் அதில் தகரம் இல்லை. உருபு சேர்த்து மரத்தை, மரத்தில் என்று சொன்னால்தான் தகரம் வெளியே வருகிறது. லத்தீனும் இப்படித்தான். பாதத்துக்கு லத்தீனில் பேஸ் என்பார்கள். பாதத்தின் என்று சொல்ல பெடிஸ் என்று ஆகும். நமக்கு வேண்டிய மெய் இந்த இரண்டாவது வடிவத்தில்தான் இருக்கிறது. பல்லுக்கு டென்ஸ், பல்லின் என்றால் டென்டிஸ். இதயத்துக்குக் கோர், இதயத்தின் என்றால் கோர்டிஸ். லத்தீன் அகராதிகளில் இரண்டு வடிவமும் அடுத்தடுத்து இருக்கும், இரண்டாவதையே எடுங்கள்.

அப்புறம் எழுத்துச் சிக்கல் ஒன்று. நம் எழுத்தில் ஒரே டகரம் இரண்டு விதமாக ஒலிக்கும், பகரமும் ககரமும் அப்படியே. இந்த வேலையில் அந்த வேறுபாடுதான் உயிர். அதனால் சொற்களைத் தமிழில் எழுதினாலும் ஒலிகளை மட்டும் `p`, `b`, `t`, `d` என்று ரோமன் குறியில் எழுதுகிறேன். `þ` என்ற குறி, மூன்றைக் குறிக்கும் த்ரீ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி, நாக்கு நுனியைப் பல்லுக்கு இடையில் வைத்துக் காற்றை விடும்போது வருவது.

## படி 2: p இருக்கும் இடத்தில் f தேடுங்கள்

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: சமஸ்கிருதம், லத்தீன், ஜெர்மானியம். சமஸ்கிருதப் பத்தியை நிரப்ப நாம் அகராதியைத் தேட வேண்டியதே இல்லை. தமிழில் புழங்கும் வடசொற்களே போதும்.

பிதா. லத்தீனில் பாட்டெர். ஆங்கிலத்தில் ஃபாதர்.

பாதம். லத்தீனில் பெடிஸ். ஆங்கிலத்தில் ஃபுட். சைக்கிள் பெடல் இந்த லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஃபுட்பால், பெடல், பாதம் மூன்றும் ஒரு குடும்பம்.

பூரணம், அதாவது நிறைந்தது. லத்தீனில் ப்ளேனுஸ். ஆங்கிலத்தில் ஃபுல்.

பசு. லத்தீனில் பெகு, பொருள் கால்நடை. ஜெர்மனில் ஃபீ, அதுவும் கால்நடைதான். இன்று வழக்கில் இல்லாத பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் இதே சொல் செல்வத்தையும் பணத்தையும் குறித்தது, லத்தீனிலும் பணத்துக்கான பெகூனியா இதிலிருந்து கிளைத்தது. தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் இருப்பது நினைவுக்கு வந்தால், இந்தப் பொருள் மாற்றம் எவ்வளவு இயல்பானது என்று புரியும்.

நான்கு வரிசையிலும் `p` இருந்த இடத்தில் `f` நிற்கிறது. ஒரு சொல் ஒத்துவந்தால் தற்செயல் என்று தள்ளலாம். அன்றாட வாழ்வின் அடிப்படைச் சொற்கள் வரிசையாக ஒத்துவரும்போது அப்படித் தள்ள முடியாது.

ஐந்துக்கு வரும்போது ஒரு தடங்கல் வரும். சமஸ்கிருதத்தில் பஞ்ச, கிரேக்கத்தில் பென்டெ, ஆங்கிலத்தில் ஃபைவ். இதுவரை சரி. லத்தீனில் மட்டும் க்வின்க்வெ. இங்கே `p` எங்கே போனது? லத்தீன் பேசியவர்களின் முன்னோர் வாயில், சொல்லின் நடுவில் இருந்த க்வ ஒலி முதல் ஒலியையும் தன்னைப் போலவே மாற்றிவிட்டது. ஜெர்மானியத்தில் இதற்கு நேர்மாறு: முதலில் இருந்த `p`, நடுவில் இருந்ததைத் தன்னைப் போல ஆக்கியது. அதனால் கோதிக்கில் ஃபிம்ஃப் என்று இரண்டு `f` வந்தன. ஒரு மொழி மட்டும் விலகி நின்றால் விதியைக் கைவிட்டுவிடாதீர்கள், அந்த மொழிக்குள் தனியாக என்ன நடந்தது என்று பாருங்கள்.

## படி 3: உயிரைக் கழித்து எலும்புக்கூட்டை வரையுங்கள்

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த படி இதுதான். உயிரெழுத்துகளின் கதை வேறு, அவை இன்னும் பல விதமாக மாறியவை. அவற்றை இப்போதைக்குக் கழித்துவிட்டு மெய்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். கையில் வைத்திருக்க வேண்டிய வாய்பாடு இவ்வளவுதான். ஒவ்வொரு ஜோடியிலும் இடப்பக்கம் பழைய ஒலி, வலப்பக்கம் ஜெர்மானிய ஒலி. `bh`, `dh`, `gh` என்பவை மூச்சுக்காற்று சேர்ந்து ஒலிக்கும் `b`, `d`, `g`:

```
p > f     b > p     bh > b
t > þ     d > t     dh > d
k > h     g > k     gh > g
```

பாதத்தை எடுப்போம். பெடிஸ் என்பதன் இறுதி வேற்றுமை உருபை நீக்கினால்:

```
p - d
f - t
```

இரண்டு மெய், இரண்டுமே வாய்பாட்டின்படி. ஃபுட் என்பதில் கடைசியில் இருக்கும் `t`, லத்தீனின் `d`-க்கு நேர். இப்போது பல்:

```
d - n - t
t - n - þ
```

டூத். நடுவில் இருந்த `n` மட்டும் ஆங்கிலத்தில் காணவில்லை. கோதிக்கில் துந்துஸ் என்பது போல ஒலித்த சொல்லில் அது இருந்தது. `þ`, `f`, `s` முன் வரும் மூக்கொலியை ஆங்கிலம் பின்னாளில் விட்டுவிட்டது. ஃபைவ் என்பதிலும் மூக்கொலி இல்லாததற்கு இதுவே காரணம். ஜெர்மனின் ஃப்யுன்ஃப் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இதயம்:

```
k - r - d
h - r - t
```

மேலே இருப்பது லத்தீன் கோர்டிஸ், கிரேக்கக் கார்டியா. கீழே இருப்பது ஹார்ட். கார்டியாலஜி டாக்டரும் ஹார்ட் டாக்டரும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகிறார்கள்.

பாதத்தில் `d` என்பது `t` ஆனது, பல்லில் `t` என்பது `þ` ஆனது. `d` முதலில் `t` ஆகி, அதன் பிறகு எல்லா `t`-யும் `þ` ஆகியிருந்தால் ஃபுட் என்பது ஃபூத் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆக, பழைய `t` தன் இடத்தைக் காலி செய்த பிறகோ, அல்லது அதோடு சேர்ந்தோதான் `d` அங்கே வந்திருக்க முடியும். வரிசையில் நிற்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தது போல. இரண்டு ஒலிகளும் கலந்துவிடாமல் இருந்ததால்தான் இன்றும் நம்மால் பின்னோக்கிப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

`g` வரிசைக்கு ஒரு சொல் தருகிறேன். ஆஜானுபாகு என்கிறோமே, முழங்கால்வரை நீண்ட கைகளை உடையவர். அதில் உள்ள ஜானு என்றால் முழங்கால், லத்தீனில் கெனு. ஆங்கிலத்தில் நீ. எழுதும்போது முதலில் ஒரு `k` வருமே, இப்போது உச்சரிப்பதில்லை. ஜெர்மனில் இன்றும் க்னீ என்று அதை ஒலிக்கிறார்கள். `g - n` என்பது `k - n` ஆகியிருக்கிறது. `b` வரிசைக்கு உதாரணம் தேடி நேரம் செலவிட வேண்டாம். இந்த மொழிகளெல்லாம் கிளைத்த மூலமொழியில் `b` மிக அரிது, தேறும் சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

சமஸ்கிருதத்தை வைத்து `k` வரிசையைச் சோதிக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. பசு, ஜானு இரண்டையும் பாருங்கள். லத்தீனில் `k`, `g` இருக்கும் இடத்தில் சமஸ்கிருதம் சகரத்துக்கும் ஜகரத்துக்கும் போய்விட்டது. இந்த வரிசைக்கு லத்தீனையும் கிரேக்கத்தையுமே நம்புங்கள்.

## படி 4: கடன் சொற்களையும் போலிகளையும் சலித்தெடுங்கள்

இந்த இடத்தில்தான் பலருடைய பட்டியல் கெட்டுப்போகிறது.

ஆங்கிலத்தில் பெப்பர் இருக்கிறதே, லத்தீனில் பிபெர் இருக்கிறதே, இரண்டிலும் `p` மாறவில்லையே, விதி பொய்யா என்று கேட்பவர்கள் உண்டு. கன்னடத்தின் புஸ்தகவை நினைத்துக்கொள்ளுங்கள். மிளகு ரோமானியர்களோடு நடந்த வணிகத்தில் சரக்கும் பெயருமாகச் சேர்ந்து போனது. அதற்கு முன்பே `p > f` மாற்றம் நடந்து முடிந்திருந்தது. நாம் பவுன் என்று சொல்லும் தங்கக் காசின் பெயருக்கு மூலமான பவுண்டு என்ற சொல்லும் இப்படி லத்தீனிலிருந்து பின்னால் வந்ததே. ஆங்கிலத்தில் `p`-யில் தொடங்கும் ஒரு சொல்லைக் கண்டால் முதல் சந்தேகம் கடனோ என்றுதான் இருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. கிரேக்கத்தில் கன்னபிஸ் என்ற செடி, ஆங்கிலத்தில் ஹெம்ப். `k` என்பது `h` ஆகி, `b` என்பது `p` ஆகியிருக்கிறது. இதுவும் வேற்றுமொழிச் சொல்லே. ஆனால் மாற்றம் நடப்பதற்கு முன்பே ஜெர்மானியத்துக்குள் வந்து, சொந்தச் சொற்களோடு சேர்ந்து மாறிவிட்டது. ஒரு சொல் வீட்டுக்குள் எப்போது நுழைந்தது என்பதை அதன் மெய்களே சொல்லிவிடுகின்றன.

இனி போலிகள். லத்தீனில் ஹபேரே, ஆங்கிலத்தில் ஹேவ், ஜெர்மனில் ஹாபென். பொருள் ஒன்று, ஒலியும் ஏறக்குறைய ஒன்று. இவை உறவாக இல்லாமல் எப்படி இருக்கும் என்று தோன்றும். வாய்பாட்டைப் பாருங்கள்: ஆங்கிலத்தில் `h` இருந்தால் லத்தீனில் `k` இருக்க வேண்டும். லத்தீனில் இருப்பதும் `h`. ஒத்திருப்பதாலேயே இது தவறு! ஹேவ் என்பதன் உண்மையான லத்தீன் உறவு, பிடித்தல் என்ற பொருளுள்ள காபெரே. அதுபோலவே லத்தீன் `f`-ஐப் பார்த்ததும் ஆங்கில `f`-ஓடு சேர்த்துவிடாதீர்கள். லத்தீனில் சொல்லின் தொடக்கத்தில் வரும் `f` பெரும்பாலும் பழைய `bh`, `dh` ஒலிகளிலிருந்து வந்தது. சகோதரனுக்கு லத்தீனில் ஃப்ராட்டெர், சமஸ்கிருதத்தில் ப்ராதா, முதல் ஒலி `bh`. ஆங்கிலத்தில் அது `b` ஆகி பிரதர் என்று நிற்கிறது.

குழந்தை மழலையில் பிறக்கும் சொற்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். கோதிக்கில் தந்தைக்கு வழக்கமான சொல் அத்தா. தமிழில் அத்தன் என்றாலும் தந்தை. இதை வைத்து உறவு கொண்டாட முடியாது. உலகெங்கும் குழந்தைகள் இப்படித்தான் அழைக்கின்றன.

## படி 5: மாறாமல் நிற்கும் இடங்களைக் குறியுங்கள்

மீனுக்கு லத்தீனில் பிஸ்கிஸ், கோதிக்கில் ஃபிஸ்க்ஸ்.

```
p - sk
f - sk
```

ஒரே சொல்லுக்குள் `p` மாறியிருக்கிறது, `k` மாறவில்லை. முன்னால் `s` இருந்தால் அடுத்து வரும் `p`, `t`, `k` அசையாது. நட்சத்திரத்துக்கு லத்தீனில் ஸ்டெல்லா, ஆங்கிலத்தில் ஸ்டார், அங்கேயும் `t` அப்படியே. இரண்டு வல்லொலிகள் அடுத்தடுத்து வந்தாலும் இரண்டாவது மாறாது. எட்டுக்கு லத்தீனில் ஓக்டோ, ஜெர்மனில் ஆக்ட் என்பது போல எழுதினாலும் அந்த க் தொண்டையில் உரசும் ஒலி. `k` உரசொலி ஆகியது, `t` நின்றுவிட்டது. எப்போது மாறாது என்பதும் இப்படித் தெளிவாகச் சொல்லப்படுவதால் இது விதிக்கு எதிரான சாட்சி ஆகாது.

## படி 6: தந்தையும் சகோதரனும் ஏன் ஒத்துவரவில்லை?

இதுவரை வந்தவர்களுக்கு ஒரு கடினமான வழக்கு. பிதா, ப்ராதா இரண்டிலும் நடுவில் இருப்பது `t`. லத்தீன் பாட்டெர், ஃப்ராட்டெர் இரண்டிலும் `t`. விதிப்படி ஜெர்மானியத்தில் இரண்டுமே `þ` ஆக வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் ஃபாதர், பிரதர் என்று ஒன்றுபோல் ஒலிப்பதால் சிக்கலே தெரியாது. ஆனால் அது பின்னாளில் வந்த ஒற்றுமை. பழைய ஆங்கிலத்தில் தந்தைக்கான சொல்லில் `d` இருந்தது, சகோதரனுக்கான சொல்லில்தான் `þ` இருந்தது. கோதிக்கிலும் அப்படியே. ஜெர்மன் தெரிந்தவர்கள் இன்றும் இதைக் காணலாம்: ஃபாட்டர் என்பதில் `t`, புரூடர் என்பதில் `d`. ஜெர்மனில் பின்னர் பழைய `d` என்பது `t` ஆகவும், `þ` என்பது `d` ஆகவும் நகர்ந்ததால் எழுத்துகள் மாறின, வேறுபாடு மாறவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இதற்கு விளக்கம் இல்லை. 1877-இல் வெளியான கட்டுரையில் டென்மார்க்கின் கார்ல் வெர்னர் விடையைச் சொன்னார். அவர் பார்த்த இடம் சமஸ்கிருத வேதங்களின் சுரக் குறி. பிதா என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில். ப்ராதா என்பதில் முதல் அசையில். மாற்றம் நடந்த காலத்தில் ஜெர்மானியத்திலும் அழுத்தம் அப்படியே இருந்திருக்கிறது. `V́` என்பதை அழுத்தமுள்ள உயிர் என்று கொண்டால்:

```
V́ t  >  þ
t V́  >  d
```

`t`-க்குச் சற்று முன்னால் அழுத்தம் இருந்தால் அது `þ` ஆகவே நிற்கும். சொல்லின் நடுவில் முன்னால் அழுத்தம் இல்லையென்றால் தளர்ந்து `d` ஆகிவிடும். சோதித்துப் பார்க்க மாதாவை எடுங்கள். வேதத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில், பிதாவைப் போல. அப்படியானால் ஜெர்மனில் `t` வர வேண்டும். முட்டர், வந்துவிட்டது!

பின்னர் ஜெர்மானிய மொழிகள் அழுத்தத்தை எல்லாச் சொல்லிலும் முதல் அசைக்கே கொண்டுவந்துவிட்டன. காரணம் அழிந்தது, அதன் தடம் மட்டும் மெய்யில் தங்கியது. வேதம் ஓதுவோர் வாய்வழியாகக் காத்த ஒரு சுரம், வட ஐரோப்பிய மொழியின் ஒரு மெய்யைப் புரியவைக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த வியப்பு குறையவில்லை.

## கடைசியாக நூறு

கிரிக்கெட் பார்க்கும்போது சதம், செஞ்சுரி, ஹண்ட்ரட் என்று மூன்றும் காதில் விழும். இதை நீங்களே போட்டுப் பாருங்கள். லத்தீனில் கென்டும், செஞ்சுரி அதன் கிளை. எலும்புக்கூடு இப்படி வரும்:

```
k - n - t
h - n - d
```

`k > h` சரி. ஆனால் `t` ஏன் `þ` ஆகாமல் `d` ஆனது? சதம் என்ற சொல்லுக்கு வேதத்தில் அழுத்தம் எங்கே என்று பாருங்கள்: இரண்டாம் அசையில், `t`-க்குப் பின்னால். சமஸ்கிருதத்தில் சகரம் வந்தது பசுவில் நடந்த அதே மாற்றம். நடுவில் இருந்த மூக்கொலி அங்கே அகரமாகக் கரைந்துவிட்டது. ஹண்ட்ரட் என்பதன் கடைசியில் மிஞ்சும் ரட் இந்தக் கணக்கில் வராது. அது எண்ணிக்கை என்று பொருள்படும் வேறொரு ஜெர்மானியச் சொல், பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது.